ஓட்டியது யார் என்று கேட்ட மெயில்

எங்கள் பழைய கார் சிறுபாலத்துச் சுவரில் மோதி முன்பக்கம் நொறுங்கியதற்கு இன்சூரன்ஸ் கேட்டு மெயில் அனுப்ப வேண்டியிருந்தது. கணவர் போனில் தட்டி முதல் வரியை வாசித்துக் காட்டினார். "நான் காரை ஓட்டிச் சென்றபோது" என்று ஆரம்பித்திருந்தார். எனக்குச் சுருக்கென்றது. ஓட்டியது நான்.

அப்போது என் கையில் எல்.எல்.ஆர். மட்டும்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்துக் காத்து அலுத்துப்போய்தான் ஓட்டக் கற்க ஆரம்பித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' ஒட்டி, லைசென்ஸ் உள்ள அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, கூரம் பக்கம் போனோம். ஒரு கன்றுக்குட்டி குறுக்கே பாய்ந்தது. பிரேக்கை மிதித்தேன், வண்டி இடதுபுறம் திரும்பிச் சுவரில் இடித்தது. கன்றுக்குட்டி அது பாட்டுக்குப் போய்விட்டது. எங்களுக்கும் ஒரு கீறல் இல்லை. பம்பரும் ஒரு பக்க விளக்கும் உடைந்தன. பானெட் மடங்கிவிட்டது.

தெரிந்தவர்கள் பார்ப்பதற்குள் கிளம்ப வேண்டும் என்று அவரே வீட்டுக்கு ஓட்டி வந்தார். அங்கே போட்டோ எடுக்கத் தோன்றவில்லை. மாலைக்குள் தெருவுக்கே கதை தெரிந்துவிட்டது. கடைசி நொடியில் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினாராம், இல்லாவிட்டால் நாங்கள் காலியாம். சொன்னது அவரேதான். பட்டுக்கடையில் சேலையை விரித்துக் காட்டுகிறவர், வாய்க்குப் பஞ்சமா? சொல்லச் சொல்லக் கதைக்கு மெருகு ஏறியது. அந்தப் பதற்றத்தில் யார் கை எங்கே இருந்தது என்று எனக்கே நினைவில்லை. நம்பிவிட்டேன். இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

மாமியார் அன்றைக்கே பூசணிக்காய்க்குள் குங்குமம் கரைத்து, காரைச் சுற்றி, முன்னாலேயே போட்டு உடைத்தார். மறுநாள் காலையில்தான் போட்டோ எடுத்தோம்.

எல்லாம் முடிந்து மெயிலில் என் பெயரும் காணாமல் போவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இதையும் விட்டுக்கொடுத்தால் நான் ஓட்டினேன் என்பதே இல்லாமல் போய்விடும்.

"எல்.எல்.ஆர்.னு தெரிஞ்சா ஒத்த பைசா தரமாட்டாங்கமா" என்றார் அவர்.

பாலிசியை வாங்கி நானே படித்தேன். எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் விதிப்படி ஓட்டலாம் என்று அதிலேயே இருந்தது. பொய் எழுதினால்தான் மொத்தமும் போகும். போனைப் பிடுங்கி, நாள், இடம், நடந்தது, ஓட்டியவர் என்று என் பெயர், பக்கத்தில் இருந்தவர் என்று அவர் பெயர், எல்லாம் எழுதினேன். ஆர்.சி., பாலிசி, இரண்டு பேர் லைசென்ஸ், பின்பக்கத்து 'எல்' தெரியும் போட்டோ, நொறுங்கிய பக்கத்தின் போட்டோக்கள், நாற்பத்தெட்டாயிரத்து அறுநூறுக்கு ஒர்க்‌ஷாப் கொடுத்த எஸ்டிமேட், எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினேன்.

பதில் வந்தது. பம்பரில் சிவப்புக் கறை தெரிகிறது, ஓட்டியது யார் என்று உறுதி செய்யவும், யாருக்காவது அடிபட்டதா, பட்டிருந்தால் எஃப்.ஐ.ஆர். நகல் அனுப்பவும் என்று. அது ரத்தமில்லை, திருஷ்டிப் பூசணிக்காய் என்று ஒரு கம்பெனிக்கு எப்படி எழுதுவது? அப்படியேதான் எழுதினேன்.

சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸ் சர்வேயர் ஒர்க்‌ஷாப்புக்கே வந்தார். சிரிக்காத மனிதர். கறையை நகத்தால் சுரண்டினார். உடைந்த கிரில்லுக்குள் கையை விட்டு ஒரு பூசணி விதையை எடுத்தார். அதைக் கீழே போட்டுவிட்டு, சம்பவத்தைச் சொல்லச் சொன்னார். தெரிந்த வரைக்கும் சொன்னேன். பிறகு கணவர் பக்கம் திரும்பி, பக்கத்தில் இருந்த நீங்கள் என்ன செய்தீர்கள், ஸ்டியரிங்கைத் திருப்பியது நீங்களா என்று கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன். அவர் சொல்லப்போவது ஊருக்கே தெரியுமே.

"இல்ல சார்" என்றார் அவர். "நான் போன் பாத்துக்கினு இருந்தேன். கன்னுக்குட்டிய பாக்கவே இல்ல. இடிச்ச சத்தத்துலதான் நிமிந்தேன். திருப்புனது இவங்கதான்."

சர்வேயர் எழுதிக்கொண்டார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. கோபமா சந்தோஷமா என்று பிரிக்கத் தெரியவில்லை. அந்தக் கன்றுக்குட்டி என் கையால்தான் பிழைத்ததா?

பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதியும், எப்படியும் நாமே கட்ட வேண்டிய தொகையும் கழித்துக்கொண்டுதான் கிளைம் வந்தது. அவர் முணுமுணுத்தார். கார் சரியாகி வந்த அன்று ஒர்க்‌ஷாப் வாசலில் நான் கையை நீட்டினேன். சாவியைக் கொடுத்தார். நீட்டிய கையை நான் மடக்கவில்லை. புரிந்துகொண்டு, போனையும் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.