கையெழுத்துப் போட்ட நாக்கு

அவளுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் குளிர்பானக் கம்பெனியில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாசல் காவலாளியிலிருந்து மேனேஜர் வரை எல்லோருக்கும் அவள் நாக்கம்மாதான். இருபத்துநாலு வருஷமாகக் கம்பெனிக்கு நாக்கை வாடகைக்கு விட்டவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

வேலை என்னவோ கேட்க சுலபம். பழச்சாறு கலக்கிற பெரிய தொட்டியிலிருந்து ஒரு சின்னக் கோப்பையில் எடுத்துவந்து கொடுப்பார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு ஒரு வாய் எடுத்து, நாக்கில் சுழற்றி, துப்பிவிட வேண்டும். இனிப்பு சரியா, புளிப்பு சரியா, கசப்பு எட்டிப் பார்க்கிறதா என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காகக் காலையில் காபி கிடையாது, பூண்டு கிடையாது, வாசனை சோப்புக்கூடக் கிடையாது. கல்யாண வீட்டில் எல்லோரும் வாயில் எதையாவது போட்டு மெல்லும்போது இவள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "உனக்கு வாயா, கம்பெனிச் சொத்தா?" என்று கணவர் கேலி செய்வார். முதல் பத்து வருஷம் அவளும் சிரித்தாள்.

இனிப்பை அளக்க மீட்டர் உண்டு. அதன் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டால் சர்க்கரை எவ்வளவு என்று எண் காட்டும். ஒரு தடவை மீட்டர் சரியென்றது, இவள் இனிப்பு குறைவு என்றாள். பெரிய சண்டை. கடைசியில் பார்த்தால் கண்ணாடியில் பழைய பாகு காய்ந்து ஒட்டியிருந்தது, அதனால் எண் கூடுதலாகக் காட்டியிருக்கிறது. அன்றிலிருந்து ஒரு வழக்கம். மீட்டரும் நாக்கம்மாவும் முரண்பட்டால் நாக்கம்மா சொன்னதுதான் செல்லும். அந்தப் பெருமை அவளுக்கு நெடுநாள் சோறு போட்டது.

ஐம்பத்தோராவது வயதில் அவளுக்குச் சர்க்கரை வியாதி வந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கம்பெனியில் மூச்சு விடவில்லை. சர்க்கரைக்காரி சர்க்கரை பார்க்கிறாள் என்று தெரிந்தால், துப்பித்தானே விடுகிறேன் என்று சொன்னாலும் யார் கேட்பார்கள்? மறுநாளே வேறு பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள் என்று பயந்தாள்.

அந்த நேரத்தில்தான் ஓரகத்தி, சர்க்கரைக்கு நல்லதென்று ஒரு பொட்டலத்தோடு வந்தாள். சிறுகுறிஞ்சான் இலைப் பொடி.

"தண்ணியில கலக்கி விழுங்கிடுங்க அக்கா. வாயில வெச்சுக்காதீங்க, நாக்கு செத்துப் போயிடும்."

வாயில் வைக்காதே என்றால் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியுமா? அரைக் கரண்டிப் பொடியை நாக்கில் போட்டு ஒரு நிமிஷம் அடக்கினாள். பச்சைக் கசப்பு. கொப்பளித்துவிட்டு ஒரு சிட்டிகை சர்க்கரையை வாயில் போட்டாள். மணல். நறநறவென்று வெறும் மணல். உப்பு வைத்தாள், உப்பு கரித்தது. எலுமிச்சை வைத்தாள், புளித்தது. இனிப்பு மட்டும் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தது. முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் மெல்லத் திரும்பி வந்தது.

வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். அவளுக்கோ சுகமாக இருந்தது. அதை யாரிடம் சொல்ல? இருபத்துநாலு வருஷமாக எதை வாயில் வைத்தாலும், கோப்பை முன்னால் இல்லாவிட்டாலும், நாக்கு கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். இது ஒரு பங்கு கூட, அது அரைப் பங்கு குறைவு என்று. இந்த இலை அந்த வாயாடியை ஒரு மணி நேரம் சும்மா இருக்க வைத்தது. எனவே ஓரகத்தி சொன்னபடி விழுங்காமல், தினமும் எட்டு மணிக்குப் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டே பொடியை நாக்கில் அடக்கிக்கொள்வாள். கோப்பை பதினொரு மணிக்குத்தான் வரும். அதற்குள் எல்லாம் சரியாகிவிடும். எட்டு மாதம் இப்படியே ஓடியது.

அந்த வாரம் சாறு வாங்குகிற பெரிய கடைக்காரர்களின் ஆள் பார்வைக்கு வருகிறார் என்று ருசி பார்ப்பதை ஒன்பது மணிக்கு மாற்றினார்கள். அவளுக்கு அது ஞாபகத்தில் இருந்தது. ஆனால் கண்ணில் தூக்கம், காலில் வீக்கம், முதல் நாள் இரண்டு ஷிஃப்ட் பார்த்த அலுப்பு. பஸ் அரை மணி தாமதம். நிறுத்தத்தில் நின்றவளின் கை, பழக்கதோஷத்தில் பையைத் திறந்துவிட்டது. பொடி நாக்கில் விழுந்த பிறகுதான் மணியைப் பார்த்தாள். எட்டு இருபது. அவசரமாகக் கொப்பளித்துத் துப்பினாள்.

ஒன்பதேகாலுக்குக் கோப்பை வந்தது. அவள் பயந்தபடி மணலாக இல்லை. இனிப்பு தெரிந்தது, ஆனால் மெலிந்து தெரிந்தது. இனிப்பு தெரிகிறதே, அப்படியானால் இலை விலகிவிட்டது என்றுதான் அர்த்தம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். பாதி திறந்த கதவை முழுக்கத் திறந்த கதவு என்று நம்பிவிட்டாள்.

"இனிப்பு கொறவு" என்றாள்.

லேப் சார் மீட்டரைக் காட்டினார். "இதுல சரியாத்தானே இருக்கு?"

கலவைத் தொட்டியைப் பார்க்கிறவர், எல்லோருக்கும் அண்ணாச்சி, கதவோரம் நின்று மெல்லச் சொன்னார். "எண்ணிதாம்மா கொட்டுனேன். ஒரு மூட்டைகூடக் கொறையல."

"கண்ணாடியில மறுபடி பாகு ஒட்டியிருக்கும்" என்றார் மேனேஜர். "நாக்கம்மா சொன்னா சரிதான். ரெண்டு மூட்டை சேருங்க."

லேப் சார் கண்ணாடியைத் துடைத்தார். பார்வையாளர் வருகிற அவசரத்தில் மறுபடி அளக்கவில்லை. அவள் கையெழுத்துப் போட்டாள். அண்ணாச்சி இரண்டு மூட்டையைக் கொட்டினார்.

பத்தரை மணிக்கு வந்த ஆள் ஒரு வாய் குடித்ததும் முகத்தைச் சுளித்துக் கோப்பையை வைத்துவிட்டார். துடைத்த மீட்டர் இப்போது எகிறிக் காட்டியது. நாக்கம்மாவும் மிச்சத்தை எடுத்து வாயில் வைத்தாள். தொண்டையைப் பிடிக்கிற தித்திப்பு.  அப்போதுதான் நாக்கு முழுசாகத் திரும்பி வந்திருந்தது.

மேனேஜர் அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. நாக்கம்மா தப்பு செய்வாள் என்பது அவர் புத்திக்கே எட்டவில்லை. நேராக அண்ணாச்சியிடம் போனார்.

"ரெண்டுன்னு சொன்னா நாலு கொட்டியிருக்கீங்க. வயசாயிடுச்சு, எண்ணிக்கை தவறுது. வீட்டுக்குப் போங்க. நாளையிலேர்ந்து வரவேணாம்."

"ரெண்டுதான் சார் கொட்டுனேன்" என்று ஒரு தடவை சொன்னார் அண்ணாச்சி.  கைகளைத் துடைத்துக்கொண்டு சாப்பாட்டு டப்பாவை எடுக்கப் போனார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

அவள் கழுவுமிடத்தில் போய் நின்றாள். வாயைத் திறந்தால் வியாதியும் வெளியே வரும், வேலையும் போகும். திறக்காவிட்டால் அந்த மனுஷன் சோற்று டப்பாவோடு படியிறங்கிப் போவார். சத்தியமாகச் சொல்கிறேன், அவள் ஒன்றும் தியாகி இல்லை. முழுசாக ஐந்து நிமிஷம் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு, பேசாமல் இருந்துவிடலாமா என்றுதான் யோசித்தாள். அதற்குள் ஜன்னலில் அண்ணாச்சி வாசலைத் தாண்டுவது தெரிந்தது. கணக்குப் புரியாதவர் மாதிரி விரல்விட்டு எண்ணிக்கொண்டே போனார். ஒன்று, ரெண்டு. ஒன்று, ரெண்டு.

அவள் பொட்டலத்தோடு லேப்புக்குள் போனாள். மேனேஜரும் லேப் சாரும் அங்கேதான் இருந்தார்கள்.

"சார், ரெண்டு பேரும் இதை நாக்குல ஒரு நிமிஷம் வெச்சுக் கொப்பளிங்க. அப்புறம் சர்க்கரை போட்டுப் பாருங்க."

"என்ன விளையாட்டு இது?" என்றார் மேனேஜர்.

"விளையாட்டில்ல சார். வைங்க."

வைத்தார்கள். மேனேஜர் சர்க்கரையை மென்றார், மறுபடி அள்ளி மென்றார். "மண்ணு மாதிரி இருக்கே." அந்தத் தித்திக்கிற சாறைக் குடித்துப் பார்த்தார். வெறும் புளிப்பு மட்டும் முகத்தில் அடித்தது.

"காலையில நான் இதைப் போட்டுட்டுதான் பாத்தேன். எனக்குச் சக்கரை இருக்கு. அண்ணாச்சி கரெக்டாதான் கொட்டினாரு. அவரைக் கூப்பிடுங்க, இன்னும் பஸ் ஏறியிருக்க மாட்டாரு."

லேப் சார் நாக்கைத் தடவிக்கொண்டே சொன்னார். "இதுல இருக்கிற சத்து, நாக்குல இனிப்பைப் பிடிக்கிற இடத்துல போய் உக்காந்துக்குது. சர்க்கரை வந்தா ஒட்ட இடமில்ல. மத்த ருசிக்கு வேற வாசல், அதுக்கு ஒண்ணும் ஆகல. படிச்சிருக்கேன், வாயில வெச்சது இல்ல."

காவலாளி ஓடிப்போய் அண்ணாச்சியைக் கூட்டிவந்தார், அவரைப் பழையபடி தொட்டியிலேயே வைத்துக்கொண்டார்கள். நாக்கம்மாவை மறுநாளே லேபிள் ஒட்டுகிற பிரிவுக்கு மாற்றினார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். இருபத்துநாலு வருஷம் சறுக்காத யானையைப் பற்றி யாரும் பேசவில்லை.

டாக்டரிடமும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"குடல்லயும் சர்க்கரையை உள்ள இழுக்கிற வாசல் இருக்கும்மா. இந்த இலைச் சத்து அங்கேயும் வழியை அடைச்சு, ரத்தத்துக்குப் போற சர்க்கரையைக் குறைக்கலாம்னு சொல்றாங்க. பெரும்பாலும் எலி மாதிரி பிராணிங்ககிட்டப் பாத்தது. மனுஷங்ககிட்ட நடந்த ஆராய்ச்சி சின்னது. உறுதியா சொல்ல முடியாது."

"அப்ப நல்லதுதானே?"

"மாத்திரையும் போட்டு, இதையும் போட்டா சர்க்கரை ரொம்ப இறங்கி மயக்கம் வரலாம். எங்கிட்டச் சொல்லாம எட்டு மாசமா? ரத்தம் பாக்கற வரைக்கும் நிறுத்துங்க."

ஆக ருசி பார்க்கிற வேலையும் போயிற்று, அந்த ஒரு மணி நேர ஓய்வும் போயிற்று. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. பஸ் நிறுத்தத்தில் வெறும் வாயோடு நின்றாள். நாக்கு மட்டும் தன் பாட்டுக்குக் கணக்குப் போட்டது, கையெழுத்துப் போட இடமில்லாமல்.

நாலாம் நாள் லேபிள் மேசைக்கு அண்ணாச்சி வந்தார். அன்றைக்குப் பிறகு அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. சட்டைக்குள் மறைத்துவைத்திருந்த சின்னக் கோப்பையை எடுத்து நீட்டினார்.

"இப்ப மீட்டரை மட்டும்தான் பாக்கறாங்க. நீங்க ஒரு வாய் பாத்துச் சொல்லுங்க."

"நானா?" என்றாள். "என்னாலதானே உங்களை வீட்டுக்கு அனுப்பினாங்க. இன்னும் என் நாக்கை நம்புறீங்களா?"

"மீட்டரும்தான் தப்பு பண்ணுச்சு" என்றார் அண்ணாச்சி. "அது போய் ஒத்துக்கிட்டுச்சா?"

 கண்ணைத் துடைத்துக்கொண்டு, தண்ணீரில் கொப்பளித்து, ஒரு வாய் எடுத்துச் சுழற்றித் துப்பினாள். களைத்துப்போன நாக்குதான். ஆனாலும் அது வேலையை மறக்கவில்லை.

"இனிப்பு சரி அண்ணாச்சி" என்றாள். "புளிப்பு ஒரு பொட்டு கூட. போய்ச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

"உங்க பேரைச் சொல்லித்தான் சொல்லுவேன்" என்று கோப்பையை வாங்கிக்கொண்டு போனார்.