டிக்கியில் இருந்த சிலிண்டர்

என் அண்ணன் வாய் தவறிக்கூட யாரையும் மரியாதையில்லாமல் பேசமாட்டார். திருப்பூரில் அவருக்குச் சொந்த பனியன் கம்பெனி. என் வீட்டுக்காரர் அங்கே ஆர்டர் பிடித்துச் சரக்கை முடித்துக் கொடுக்கும் மெர்ச்சண்டைசராக இருந்தார். கல்யாணமான அடுத்த வருஷம் அவரை டெல்லிக்கு அனுப்பும்போது, "நீங்க அங்க இருந்தாத்தானுங் மாப்பிள்ளை எனக்குத் தூக்கம் வரும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கே கண் கலங்கியது.

டெல்லியில் என் வீட்டுக்காரருக்குக் காரில்தான் வாழ்க்கை. காலையில் காந்தி நகர் மொத்த மார்க்கெட், மதியம் நோய்டா, சாயங்காலம் குர்காவ். கம்பெனி கொடுத்திருந்தது ஒரு பழைய பெட்ரோல் கார். டிக்கி நிறைய சாம்பிள் மூட்டைகள் இருக்கும். ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் சர்வசாதாரணம். மாசக் கடைசியில் பெட்ரோல் பில் ஊருக்குப் போனால் அன்றைக்கே அண்ணனின் போன் வந்துவிடும்.

"வண்டிக்குத் தாகம் ஜாஸ்தி போலிருக்குதுங் மாப்பிள்ளை?"

அந்த வண்டி ஓய்ந்தபோது, அடுத்து எதை வாங்குவது என்று இவரே உட்கார்ந்து யோசித்தார். அப்போது டெல்லியில் பஸ், ஆட்டோ எல்லாம் சி.என்.ஜி. கேஸில் ஓடின. கார்களிலும் ஒன்றிரண்டு மாடல், கார் கம்பெனியிலேயே கேஸ் பொருத்தி வந்தன. பெட்ரோல் வண்டியைவிட விலை அதிகம்தான். ஆனால் இவர் ஓட்டுகிற ஓட்டத்துக்கு இரண்டு வருஷத்துக்குள் அந்த அதிகப்படி விலை எரிபொருளிலேயே திரும்பிவிடும். கிலோமீட்டருக்கு ஆகிற செலவு பெட்ரோலில் பாதி கூட இல்லை. வெளியே மெக்கானிக்கிடம் பொருத்தினால் வாரண்டி போய்விடும் என்பதால், வாங்கினால் கம்பெனி பொருத்தியதைத்தான் வாங்க வேண்டும். இதையெல்லாம் அண்ணனிடம் ஒளிக்காமல் சொன்னார். கூடவே பாதகத்தையும் சொன்னார்.

"டிக்கியில பெரும்பாகம் சிலிண்டரே அடைச்சுக்குமுங் மச்சான். மூட்டை வெக்க எடமிருக்காது. அதுவுமில்லாம இங்க கேஸ் பங்க்குல கியூ நிக்கோணும். எனக்கு பெட்ரோல் வண்டியே தேவலைங்க."

"பின் சீட்டு எதுக்குங் இருக்குது?" என்றார் அண்ணன்.

"பையரைக் கூட்டிட்டுப் போறதுன்னா?" ஆர்டர் கொடுக்கிறவரைத்தான் இவர்கள் பையர் என்பார்கள்.

"அவரு ஆட்டோவுல வரட்டுமுங்க." போனில் சிரிப்புச் சத்தம் எனக்கே கேட்டது.

கேஸ் வண்டி வந்தது. பார்க்கப் புதுசாக, அழகாகத்தான் இருந்தது. பின்பக்கம் திறந்தால் குறுக்கே சிலிண்டர் படுத்திருக்கும். மிச்ச இடத்தில் ஒரு சின்னப் பை நிற்கும், அவ்வளவுதான். சாம்பிள்கள் எல்லாம் பின் சீட்டுக்கு வந்தன. வெயில் பட்டு வெளுத்துவிடக் கூடாதென்று என் பழைய சேலைகளைப் போர்த்தி வைத்தோம்.

வண்டி பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, பிறகு கேஸுக்கு மாறும். கேஸ் தீர்ந்தால் பெட்ரோலுக்கே மாற்றிக்கொள்ளலாம். அதனால் இரண்டும் வேண்டும். ஆனால் அண்ணன் சொல்லிவிட்டார்: "கேஸ் வண்டிக்கு பெட்ரோல் பில் போட்டா ஆடிட்டர் சிரிப்பாருங்க." அன்றிலிருந்து இவர் பெட்ரோலைக் கைக்காசில் போட்டார். கொஞ்சமாகத்தான் போட முடிந்தது.

பங்க்கில் ஆட்டோ வரிசை ஒன்று, கார் வரிசை ஒன்று. எல்லோரும் ஒரே நேரத்துக்கு வந்துவிட்டால் பிரஷர் இறங்கிவிடும். சிலிண்டர் முழுசாக நிரம்பாது. அரை வயிற்றோடு கிளம்பினால் மறுநாளும் வந்து நிற்க வேண்டும். இவர் வரிசையில் நிற்கும் நேரங்களில் அண்ணன் கூப்பிட்டால், "எங்க இருக்கறீங்க?" என்பார். "பங்க்குலங்க." "இன்னிக்கும் ரெஸ்ட்டுங்களா?" என்பார்.

தை மாசக் குளிரில் ஒருநாள். எனக்கு அப்போது ஏழாம் மாசம். நோய்டாவில் பதினோரு மணிக்கு ஒரு பெரிய பையரைப் பார்த்துவிட்டு, அப்படியே என்னை ஸ்கேனுக்குக் கூட்டிப்போவதாகத் திட்டம். வழியில் கேஸ் கடைசி விளக்குக்கு வந்துவிட்டது. பெட்ரோல் முள்ளும் சிவப்பில் கிடந்தது. முந்தின நாள் மாலை பங்க்கில் மெஷின் ஓடவில்லையாம். அந்தக் கூட்டமும் சேர்ந்து வரிசை ரோட்டுக்கு வந்திருந்தது.

"ஸ்கேன் காசுல பெட்ரோல் போட்டுக்கலாமுங்க" என்றேன்.

"வேண்டாம். ஒரு மணி நேரத்துல ஆயிரும்."

ஆகவில்லை. வண்டி நகர்வதும் நிற்பதுமாக, எங்கள் முறை வந்தபோது மணி பதினொன்றரை. கேஸ் பிடிக்கும்போது உள்ளே யாரும் உட்காரக் கூடாது. நானும் இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பனியில் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் பிரஷர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நோய்டா போய்ச் சேர்ந்தபோது பையர் வேறொரு கம்பெனிக்காரரோடு கைகுலுக்கிக்கொண்டிருந்தார். அவரும் திருப்பூர்தான். இவர் கையில் இரண்டு மூட்டையோடு வாசலில் நின்றதைக் கண்ணாடிக்கு வெளியே காரில் இருந்தபடி பார்த்தேன்.

அன்று சாயங்காலம் அண்ணன் பேசினார். குரல் உயரவே இல்லை.

"கியூவுல நிக்கச் சொல்லி யாருங் சொன்னது? அவசரத்துக்கு பெட்ரோல் போடறதுதானுங்களே. அதுக்குத்தானே ரெண்டும் இருக்கற வண்டி வாங்கிக் குடுத்தது?"

இவர் போனை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

அடுத்த மாசமே அண்ணியின் தம்பி டெல்லிக்கு வந்தான். அவனுக்குப் புது பெட்ரோல் கார். டிக்கியில் எட்டு மூட்டை கொள்ளும். "சின்னப் பையன், கியூவுல நின்னு பழக்கமில்லீங்க" என்றார் அண்ணன். எங்களை ஊருக்கு வரச் சொன்னார். இத்தனை வருஷ உழைப்புக்கென்று இவருக்குச் சேர வேண்டியதற்குப் பதிலாக அந்தக் கேஸ் வண்டியையே எழுதிக்கொடுத்துவிட்டார்.

"மாப்பிள்ளை ஆசையா ஓட்டின வண்டி. அவருகிட்டயே இருக்கட்டும்."

"திருப்பூர்ல கேஸ் பங்க்கே கெடையாதுங்களே மச்சான்."

"வருமுங்க. ஒருநாள் வராமயா போயிரும்?"

சரக்கு இறக்கிவிட்டு ஊர் திரும்பிய லாரியில் வண்டி வந்தது. அவிநாசி ரோடு, காங்கேயம் ரோடு, எங்கே போனாலும் பெட்ரோலிலேயே ஓடியது. பின்னால் காலி சிலிண்டரின் கனம் சும்மா கூடவே வந்தது. குன்னத்தூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில், வாழைத்தார் ஏற்ற அண்ணனே எங்கள் டிக்கியைத் திறந்தார். ஊர் முன்னால் ஒரு நிமிஷம் நின்று பார்த்தார்.

"எங்க மாப்பிள்ளை டெல்லியில சம்பாரிச்சுட்டு வந்தது இதுதானுங்க" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

விற்றுவிடலாம் என்று பார்த்தோம். வந்தவர்கள் எல்லோரும் ஓட்டிப் பார்ப்பார்கள், நல்லா இருக்குதுங்க என்பார்கள், டிக்கியைத் திறந்ததும் போய்விடுவார்கள். சிலிண்டரைக் கழற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். குழந்தை பிறந்து செலவு நெருக்கியபோது அண்ணனே வந்தார். தங்கச்சிக்கு உதவியாக இருக்கட்டுமென்று, தனக்குத் தோன்றிய ஒரு விலைக்குத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அந்த விலைக்கு ஒரு நல்ல பைக் வாங்கலாம். இவர் இரண்டு கையாலும் சாவியைக் கொடுத்தார்.

இரண்டு வாரத்தில் அந்த வண்டி லாரி ஏறி டெல்லிக்கே போனது. அங்கே அதற்கு நல்ல கிராக்கி. தினமும் ரொம்ப தூரம் ஓட்டுகிற ஒருவர் வாங்கிக்கொண்டாராம். எங்களுக்குக் கொடுத்ததைப் போல மூன்று மடங்கு விலை. அண்ணியே பெருமையாகச் சொன்னாள்.

இவர் வேறொரு கம்பெனியில் ஸ்டோர் பார்க்கப் போனார், டவுன் பஸ்ஸில். அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் குழந்தைக்குத் தங்கக் காப்போடு வந்தார்.

"கோவமா அம்மிணி?"

"இல்லீங்ணா" என்றேன். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போட்டுக் காபி கலந்து கொடுத்தேன். இவர் உள் அறையில் குழந்தையைத் தூங்க வைக்கிறேன் என்று போனவர், அண்ணன் கிளம்பும் வரை வெளியே வரவில்லை. குழந்தை விழித்துக்கொண்டுதான் இருந்தது.