வரிசைப்படி வாங்கிய படிவங்கள்

தி. நகரில் ஒரு தனியார் பள்ளி. துணை முதல்வரின் மேசையில் எங்கள் கணக்கெடுப்புப் படிவம் ஒன்று பிரித்துக் கிடந்தது. உறையில் போட்டு ஒட்டி எங்களிடம் வந்திருக்க வேண்டியது அது.

அடையாறில் ஓர் ஆய்வு நிலையத்தில் தரவுகளை அலசுவது என் வேலை. சிறார் குற்றங்களை இரண்டு வழிகளில் அளந்துகொண்டிருந்தோம். ஒன்று, காவல் நிலையப் பதிவு. தேதி, இடம், சட்டப்பிரிவு எல்லாம் இருக்கும். பெரிய குற்றங்களுக்கு ஓரளவு நம்பலாம். ஆனால் பிடிபட்டவர்கள் மட்டுமே அதில் வருவார்கள். ரோந்து வண்டி ஓயாமல் சுற்றும் குடிசை மாற்று வாரியக் குடியிருப்புப் பிள்ளைகள் பக்கம் பக்கமாக இருந்தார்கள். இந்தப் பள்ளியிலிருந்து ஒருவரும் இல்லை. இன்னொன்று, பிள்ளைகளே பெயர் போடாமல் எழுதித் தரும் படிவம். யாருக்கும் தெரியாத திருட்டும் அடிதடியும் அதில் வெளிவரும். ஆனால் மறந்தும் விடுவார்கள், மறைப்பார்கள், கதை அளப்பார்கள். படிப்பை நிறுத்தியவர்கள் அதில் வரவே மாட்டார்கள். கதை அளப்பவர்களைக் கண்டுபிடிக்க, உலகத்திலேயே இல்லாத ஒரு போதை மாத்திரையின் பெயரை நானே புனைந்து கேள்விகளில் சேர்த்திருந்தேன்; அதையும் தின்றதாக எழுதினால் பொய் என்று தெரிந்துவிடும்.

“பதினொண்ணாம் கிளாஸ் பொண்ணும்மா. கடையில காசு குடுக்காம லிப்ஸ்டிக் எடுத்தேன்னு கூசாம டிக் அடிச்சிருக்கா. மூணு தடவையாம்!” என்றார் துணை முதல்வர்.

“பேரே இல்லையே சார்?”

“பெஞ்ச் வரிசைப்படிதானே வாங்கினீங்க? எண்ணிப் பார்த்தா தெரிஞ்சுடாதா?” பெரிதாகத் துப்பறிந்துவிட்டவர் போலச் சிரித்தார்.

வரிசைப்படி வாங்கச் சொன்னது நான்தான்; விடுபட்டவர்களைச் சரிபார்க்க வசதியாக இருக்குமென்று. உறைகளை ஒட்டாமல் அலுவலக அறையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனதும் நான்தான்.

வெளியே பெஞ்சில் அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

“இது அவளோடதுதான்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. டி.சி. குடுத்து அனுப்பிடறோம்.”

படிவத்தைப் புரட்டினேன். மாத்திரைக் கேள்விக்கு ‘இல்லை’ என்றிருந்தது. பெரும்பாலும் உண்மையைத்தான் எழுதியிருக்கிறாள்.

“தனி ஒரு படிவத்தை நம்ப முடியாது சார். சும்மா ஜம்பத்துக்கு எழுதியிருப்பா” என்றேன்.

“அப்போ உங்க சர்வேயே டுபாக்கூரா?”

“ஆமா சார்” என்றேன். என் வாயே எனக்குக் கசந்தது. படிவத்தைக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஒன்றும் பலிக்கவில்லை. தானாகவே டி.சி. கேட்பதாக அம்மாவிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். “போலீஸ் கம்ப்ளெயின்ட்டெல்லாம் வேணாம், ஸ்கூல் பேர் கெட்டுடும்” என்று துணை முதல்வர் பெருந்தன்மையோடு சொன்னார். அந்தப் பெண் என்னைத் தாண்டிப் போகும்போது, “யாருக்கும் பேர் தெரியாதுன்னு சொன்னீங்களே அக்கா” என்றாள்.

மறுநாள் அதே பள்ளியில் அடுத்த பிரிவின் படிவங்கள் வந்தன. எல்லாக் கேள்விக்கும் எல்லோரும் ‘இல்லை’. ஒரு முறைகூட வகுப்பைக் கட் அடிக்காத பிள்ளைகளாம். பள்ளியை ஆய்விலிருந்து நீக்கச் சொன்னேன். “போலீஸ் பதிவும் படிவமும், ரெண்டு கணக்கும் எவ்ளோ அழகா ஒத்துப்போகுது, எதுக்கு எடுக்கணும்?” என்றார் எங்கள் இயக்குநர்.