'அடுத்த மாதம்' என்ற பொத்தான்

ஹைதராபாத் மாதாப்பூரில் எங்கள் அலுவலகத்துக்குப் பின்தெருவில் இருந்த குழந்தைகள் காப்பகத்தில்தான் என் மகன் நடக்கத் தொடங்கினான். நான் அப்போது நான்காவது மாடியில் ஏதோ ஒரு அமெரிக்க வங்கிக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். பார்த்தவர் காப்பகத்தை நடத்திய ஆன்ட்டி. அங்கேயே போலாரத்தில் பிறந்து வளர்ந்த தமிழர்; ஆமாமுக்கு 'ஹவ்', வேண்டாமுக்கு 'நக்கோ' என்று ஊர் உருது கலந்து பேசுவார். உடனே போன் செய்தார்.

"ஹவ் மேடம், உங்க பையன் நடந்துட்டான்! அழுவ நக்கோ, போட்டோ பிடிச்சிட்டேன், நெட்ல போடறேன்."

காப்பகத்துக்கு ஒரே ஒரு இணையப் பக்கம் இருந்தது. மாதவாரியாகப் படங்கள் கீழே கீழே நீண்டுகொண்டே போகும். தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைத் திறப்பேன். ஒவ்வொரு மாதத் தலைப்பின் பக்கத்திலும் ஒரு சின்னப் பொத்தான். அழுத்தினால் அடுத்த மாதத்துக்குத் தாவும். நகக்கண் அளவு பொத்தான் தெரியவே அவ்வளவு நேரமாகும். 'என்ன லட்சணத்தில் பக்கம் செய்திருக்கிறார்கள்' என்று திட்டிக்கொண்டே அழுத்துவேன். நடந்த படம் மட்டும் கண்ணில் படவில்லை. ஆன்ட்டியிடம் கேட்கவும் மனம் வரவில்லை. பெற்றவள் தேடிக்கொண்டிருக்கிறாளே என்று பரிதாபப்படுவார். எனக்குப் பரிதாபம் ஆகாது.

பிறகு அந்தக் கட்டடத்தையும் ஒரு சாப்ட்வேர் கம்பெனி வாடகைக்கு எடுத்தது. காப்பகத்தை மூடினார்கள். ஞாயிற்றுக்கிழமையோடு பக்கமும் போய்விடும் என்றார்கள். எல்லாப் படங்களையும் இறக்கிவிட வீட்டுக் கணினியில் ஒரு நிரல் எழுத உட்கார்ந்தேன்.

"இருபது படத்தை ஒரே நேரத்துல இழு, சட்டுனு முடிஞ்சிடும்," என்றார் கணவர். அவரும் இதே தொழில்தான்.

"மத்த அம்மாக்களும் எடுக்கணும்ங்க. ஆன்ட்டி நெட்ல வாங்கியிருக்கிறது சின்ன இடம். அளவு தாண்டினா பக்கமே திறக்காது."

பந்தியில் உட்கார்ந்தவள் பாயச வாளியையே தூக்கிக்கொண்டு போகலாமா? தானாக இயங்கும் நிரல்கள் எங்கே வரக்கூடாது என்று அந்தத் தளம் அறிவித்திருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். தடை எதுவும் இல்லை. ஒரு நேரத்தில் ஒரு படம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் சிறிது இடைவெளி. கேட்பது யார் என்று தெரிய ஒவ்வொரு கோரிக்கையிலும் என் மின்னஞ்சல் முகவரியையும் சேர்த்தேன்.

பக்கம் முழுக்க மின்னும் நட்சத்திரங்கள், ஆடும் வாத்துகள். அவை எனக்கு எதற்கு? படத்தை எவ்வளவு அகலத்தில் காட்ட வேண்டும் என்று பக்கத்தின் நிரலிலேயே எழுதியிருந்தது. நூறு பிக்சலுக்குக் குறைவானதைக் கேட்காமலே தாண்டு என்றேன். ஒரே முகவரி மறுபடி வந்தால் மறுபடி கேட்காதே. வேறு பெயரில் அதே கோப்பு வந்தால், உள்ளடக்கத்தை ஒப்பிட்டு ஒன்றை மட்டும் வை. எழுதி முடித்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

ஞாயிறு காலை எல்லாம் வந்து சேர்ந்திருந்தன. வரிசையாகப் பார்த்தேன். தவழ்கிறான். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அடுத்ததில் பந்தோடு ஓடுகிறான். நடுவில் ஒன்றுமில்லை. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வீம்பாவது ஒன்றாவது என்று ஆன்ட்டிக்கு போன் செய்தேன்.

"அந்தப் போட்டோவா? அதான் மேடம் பட்டன்! 'அடுத்த மாதம்'னு அழுத்துவீங்கள்ல, அது உங்க பையன்தான். முன்னால போறான்ல, அதனால வெச்சேன்."

"பெரிய படம் இருக்கா ஆன்ட்டி?"

"கேமராலேர்ந்து அழிச்சிட்டேனே."

"வெட்டிச் சின்னதாக்கினீங்களா?"

"அதெல்லாம் எனக்கு வராது மேடம். நெட் பக்கத்துல அகலம் நாப்பதுன்னு எழுதினேன், அதுவா சின்னதாயிடுச்சு."

போனை வைத்தேன். அகலம் நாற்பது என்று எழுதினால் உலாவி சின்னதாகக் காட்டும், அவ்வளவுதான். கோப்பு சிறிதாகாது. அந்தப் பொத்தான் ஏன் அவ்வளவு மெதுவாக வந்தது என்று அப்போதுதான் உறைத்தது. வங்கிக்கு நிரல் எழுதுகிறவள், கோப்பைத் திறந்து பார்க்காமல் பக்கத்தில் எழுதியிருந்ததை நம்பியிருக்கிறேன்.

படத்தின் முகவரியை மட்டும் உலாவியில் அடித்தேன். எங்கள் டயல்-அப் இணைப்பில் படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் சுவர். அப்புறம் அவன் தலைமுடி, திறந்த வாய், விரித்த இரண்டு கை. ஓரத்தில் ஆன்ட்டியின் நீட்டிய கைகள். எனக்குப் பொறாமையாக இருந்தது, அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது. கடைசியாகக் கால்கள் வந்தன. ஒன்று தரையில், ஒன்று தரையைத் தொடாமல்.

இத்தனை மாதமாக மதியம் மதியம் அவன்மேலேயே அழுத்தி, அவனைத் தாண்டிப் போய் அவனைத் தேடியிருக்கிறேன்.