நாற்பத்தொன்றா, நாற்பத்திரண்டா

பெரம்பலூர் கல்லூரியில் நானும், அரியலூரிலிருந்து பஸ்ஸில் வரும் மேடமும் கம்ப்யூட்டர் லேப் தேர்வுக்குக் கேள்வி தயாரித்தோம். திறந்த அடைப்புக்குறி ஒவ்வொன்றும் சரியாக மூடும்படி, ஐந்து ஜோடி அடைப்புக்குறிகளை எத்தனை விதமாக எழுதலாம்? ஒரு ஜோடிக்கு ஒன்று, இரண்டுக்கு ()(), (()) என்று இரண்டு, மூன்றுக்கு ஐந்து, நான்குக்குப் பதினான்கு. வித்தியாசம் ஒன்று, மூன்று, ஒன்பது. அடுத்தது இருபத்தேழுதானே? விடை நாற்பத்தொன்று என்று பேனாவால் எழுதியே விட்டேன்.

மறுநாள் மேடம் பஸ்ஸிலேயே அத்தனையையும் எழுதிக்கொண்டு வந்தார். நாற்பத்திரண்டு இருந்தன.

“ஏதோ ஒரு வரிசை ரெண்டு தடவ வந்திருக்கும், தேடுங்க மேடம்.”

“நீங்களே தேடுங்க சார்.”

இரண்டு பீரியட் தேடினேன். கிடைக்கவில்லை. மேடம் தாளை வாங்கி, முதல் அடைப்புக்குறிக்குள் நான்கு ஜோடி, மூன்று, இரண்டு, ஒன்று, எதுவுமில்லை என்று பிரித்தார். மிச்சம் அதற்கு வெளியே. உள்ளே வரும் விதங்களை வெளியே வரும் விதங்களால் பெருக்கினால் பதினான்கு, ஐந்து, நான்கு, ஐந்து, பதினான்கு. கூட்டினேன். நாற்பத்திரண்டேதான்.

“பஸ்ஸு குலுங்கியும் எனக்குச் சரியா வந்துருச்சே சார்!”

இப்போதெல்லாம் கேன்டீனில் நான் ஐந்து டீ சொன்னால், “சார் கணக்கு, ஒண்ணு கூட்டிக்கங்க” என்கிறார் மேடம். அந்த ஆறாவது டீயையும் அவரே குடித்துவிடுகிறார்.