பின்னேரத் தேத்தண்ணி இல்லாத வீடு

“உனக்கென்னத்துக்கு உந்த விடுப்பு? கலியாணம் முடிச்சு வந்து இன்னும் மஞ்சள் காயேல்லை, அதுக்குள்ளை அடுத்த வீட்டு அடுப்பிலை என்ன கொதிக்குது, என்ன கொதிக்கேல்லை எண்டு கணக்கெடுக்கிறாய். உன்ரை மாமிக்கே சொல்லாததை உனக்குச் சொல்லுவனே?”

பின்வளவு வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகளை இப்படித்தான் ஏசினேன். பாவம், அவள் கேட்டது ஒன்றும் பெரிய குற்றமில்லை. இணுவிலில் எந்த வீட்டுக்குப் பின்னேரம் போனாலும் கதிரையில் இருக்க முதலே தேத்தண்ணி வந்துவிடும். எங்கள் வீட்டுக்கு வந்தவளுக்கு நான் செம்பில் தண்ணியும் ஒரு வாழைப்பழமும் கொடுத்தேன். அவள் பழத்தை உரித்துக்கொண்டே, “மாமி ஏதோ நேத்திக்கடன் எண்டு சொன்னவா. தேத்தண்ணிக்கு நேத்தி வைச்ச சாமி எந்தச் சாமியணை?” என்றாள்.

கெட்டிக்காரி. அவளுக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். நான் படித்தது எழுத்துக்கூட்டும் அளவுக்குத்தான். பிழை கிடந்தால் திருத்தி வாசியுங்கள். அவளிடம் மட்டும் காட்டாதீர்கள்.

என் மருமகன் லொறி ஓட்டியவர். நித்திரைக்கு அவரைப் போல ஒருவரை நான் கண்டதில்லை. தலையணை தேவையில்லை, சுவர் இருந்தால் போதும். அவருடைய குறட்டையைப் பற்றி என் மகள் முறையிடாத நாளில்லை. “இந்தாளை லொறியோடை சேர்த்துக் கராச்சிலை விட்டிட்டு வாங்கோ அம்மா” என்பாள். ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவரின் குறட்டை கேட்கவில்லை. போய்ப் பார்த்தோம். நெஞ்சு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வீடு சத்தமில்லாமல் கிடந்தது. மகளுக்கு நித்திரை போனது.

துக்கத்தில் நித்திரை வராது, அது எல்லோருக்கும் தெரியும். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் புருசன் போனபோது நானும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தவள்தான். ஆனால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தது, சொந்தக்காரர் எல்லாம் போனார்கள், அவளுக்கு மட்டும் கண் மூடவில்லை. விடியும்போது கண் இரண்டும் மிளகாய்த்தூள் பட்டது போலச் சிவந்திருக்கும்.

செத்த வீட்டுக்கு வர முடியாமற் போனவர்கள் பிறகு ஒவ்வொருவராகத் துக்கம் விசாரிக்க வருவார்கள். வேலை முடிந்து, கோயிலுக்குப் போய், பிறகு எங்கள் வீடு. ஒருவர் எழும்ப இன்னொருவர் வருவார். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். துக்க வீட்டில் “போட்டு வாறன்” என்று சொல்லக்கூடாது, பேசாமல் எழும்பிப் போகவேண்டும் என்பது எங்கள் வழக்கம். சொல்லக்கூடாது என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. எழும்பவேண்டும் என்பதுதான் சிலருக்கு மறந்துபோனது.

வந்தவருக்குத் தேத்தண்ணி. அவர் கோப்பையைத் தொடாமல், “நீயும் குடி பிள்ளை, முகம் வாடிப்போய்க் கிடக்கு” என்பார். அவள் குடித்தால்தான் அவர் குடிப்பார். அவளும் வாயில் வைப்பாள். அடுத்தவர் வருவார், அடுத்த கோப்பை வரும். எல்லாம் கறுக்கக் கறுக்கச் சாயம் இறங்கிய தேத்தண்ணி.

அவர்கள் எல்லாம் போனபிறகு என் மச்சாள் வருவாள். என் புருசனின் தங்கச்சி, ஒழுங்கையின் மற்றப் பக்கத்தில் இருப்பவள். இராச் சாப்பாடு தன்னுடைய பொறுப்பு என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். தன் வீட்டில் எல்லோருக்கும் போட்டு முடித்துவிட்டுத்தான் கொண்டுவருவாள். பிட்டு, கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு, எண்ணெய் வடியும் மிளகாய்ப் பொரியல், கட்டித் தேங்காய்ப்பாலில் ஒரு கறி.

“அழுதழுது வயிறு வெறுமையாக் கிடக்கும். இன்னும் ஒரு அகப்பை போடுறன்.”

“போதும் மாமி.”

“என்ரை கையாலை தந்ததை வேண்டாம் எண்டு சொல்லாதை.”

கடைசி வாய் இறங்கும்வரை கதவடியில் நிற்பாள். அவள் வாசல் படலையைத் தாண்ட மகள் பாயில் சரிவாள். சரிந்தவுடன் சாப்பிட்டதெல்லாம் எரிந்துகொண்டு தொண்டைக்கு ஏறும். எழும்பிச் சுவரில் சாய்ந்திருப்பாள். அவர் சாய்ந்து நித்திரை கொண்ட அதே சுவர். அவரை நித்திரையாக்கிய சுவர் அவளை முழித்திருக்க வைத்தது.

மகள் கொக்குவிலில் ஒரு தையல் கடையில் துணி வெட்டுகிறவள். கத்தரிக்கோலைக் கையில் எடுத்தால் சோக்கட்டியால் கோடு போடக்கூடத் தேவையில்லை, அவ்வளவு கை. அப்படிப்பட்டவள் ஒரு மணப்பெண்ணின் சட்டைக்கு முன்பக்கத் துண்டு இரண்டையும் வலது பக்கத்துக்கே வெட்டிவைத்தாள். அந்தப் பட்டில் வேறு துண்டு இல்லை. கடைக்காரி நல்லவள். ஏசவில்லை. “அக்கா, கொஞ்ச நாள் வீட்டிலை நில்லுங்கோ. நித்திரை கொண்டு தெளிஞ்சாப் பிறகு வாங்கோ. பாப்பம்” என்றாள். “பாப்பம்” என்றால் வேலை போனாலும் போகலாம். லொறி உழைப்பு அவரோடு போய்விட்டது. எங்களுக்கு மிஞ்சியது அந்தக் கத்தரிக்கோல்தான்.

வெளிநாட்டிலிருந்து வந்த ஒருத்தி தன் கைப்பையைத் திறந்து நித்திரைக் குளிசை அட்டை ஒன்றை மகளின் மடியில் போட்டுவிட்டுப் போனாள். அது தனக்கு யாரோ எழுதிக் கொடுத்த மருந்தாம். நான் எடுத்து ஒளித்துவைத்தேன். மகள் தேடினாள்.

“எங்கையம்மா அந்தக் குளிசை?”

“கோழி திண்டிட்டுது.”

“கோழிக்கு ஒண்டும் நடக்கேல்லையே?”

“நடந்தது பிள்ளை, இன்னும் முட்டை போட எழும்பேல்லை.”

சிரிக்கவில்லை. முந்தியென்றால் சிரித்திருப்பாள். அப்போதுதான் எனக்கு உண்மையாகப் பயம் வந்தது.

இனித் தேத்தண்ணி வேண்டாம் என்று நானே வைத்தியம் தொடங்கினேன். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி, மகளுக்கு மட்டும் மல்லிக்கோப்பி. தடிமன், காய்ச்சல் எதற்கும் எங்கள் வீட்டில் அதுதான் மருந்து. பின்னேரம் ஒன்று, படுக்கப் போகும்போது பனங்கட்டியோடு இன்னொன்று. மருந்துதானே என்று தூளை இன்னும் ஒரு கரண்டி கூடப் போட்டேன். அவள் முன்பைவிட மோசமாக முழித்துக் கிடந்தாள். கூரைச் சலாகை எத்தனை என்று கேட்டால் சொல்லியிருப்பாள்.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் ஒரு பெண்பிள்ளை. அவசரப்படாமல் கேட்டாள்.

“பின்னேரத்திலை தேத்தண்ணி, கோப்பி குடிக்கிறனீங்களோ?”

“தேத்தண்ணி விட்டிட்டன் டொக்டர்” என்றாள் மகள்.

“நான் மல்லிக்கோப்பி போட்டுக் குடுக்கிறன்” என்றேன், பெருமையாக.

“அந்தத் தூளுக்கு என்னென்ன சேர்க்கிறனீங்கள் அம்மா?”

“மல்லி, சுக்கு, மிளகு. கொஞ்சம் கோப்பிக்கொட்டை வறுத்துச் சேர்ப்பம். இல்லாட்டி மணம் வராதெல்லோ.”

“கொஞ்சம் எண்டால்?”

“மல்லியளவு.”

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “என்னம்மா நீங்கள்” என்றாள். பல நாளுக்குப் பிறகு என்னை ஏசியது அதுதான்.

டொக்டர் சிரிக்கவில்லை. தேத்தண்ணியிலும் கோப்பியிலும் இருப்பது ஒரே சாமான், அது உடம்பை விட்டுப் போகப் பல மணித்தியாலம் எடுக்கும், பின்னேரம் குடித்ததில் பாதி படுக்கும்போதும் இரத்தத்தில் நிற்கும் என்றாள். வெளிநாட்டுச் சொக்கிளேற்றிலும் கறுப்புச் சோடாவிலும்கூட அது இருக்கிறதாம். மத்தியானத்துக்குப் பிறகு ஒன்றும் வேண்டாம். இராச் சாப்பாடு பொழுதோடு, கொஞ்சமாக. எண்ணெயும் உறைப்பும் குறைத்து. சாப்பிட்டு இரண்டு மூன்று மணித்தியாலம் போனபிறகு படுக்கவேண்டும். பசியோடு படுப்பதும் கூடாது, அப்படிப் பசித்தால் ஒரு பழமோ கொஞ்சம் பாலோ போதும்.

“பால் குடிச்சா நித்திரை வருமோ?” என்று கேட்டேன்.

“சிலருக்கு ஆறுதலா இருக்கும். குளிசை மாதிரி வேலை செய்யாது அம்மா.” பிறகு மகளைப் பார்த்துச் சொன்னாள்: “இதுகளைத் திருத்தினால் நித்திரைக்கு வழி விடும். கவலை போகாது. அதுக்கு நீங்கள் திரும்ப வரவேணும், என்னோடை கதைக்கவேணும். மற்ற ஆக்களின்ரை குளிசையைத் தொடாதேங்கோ.”

பஸ் பிடித்து வந்தோம். வீட்டுக்குள் வந்ததும் மகள், “வீடு தேடி வாறவைக்கு வெறும் தண்ணியே குடுக்கிறது? அவர் இருக்கேக்கை ஒருத்தரையும் அப்பிடி அனுப்பேல்லை” என்றாள். அவர்களுக்கு மட்டும் கொடுத்தால் அவர்கள் அவளைக் குடிக்கச் சொல்வார்கள். டொக்டர் சொன்னதைச் சொன்னால், “ஒரு வாய் தேத்தண்ணி என்ன செய்யும்” என்பார்கள். எங்கள் ஊரில் டொக்டரின் பேச்சைத் தாண்டலாம், சாமியின் பேச்சைத் தாண்ட ஏலாது.

ஆகவே மச்சாளைக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். “ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. செத்தவருக்குப் பின்னேரத் தேத்தண்ணி எண்டால் உயிர். ஆண்டுத் திவசம் வரைக்கும் மத்தியானத்துக்குப் பிறகு இந்த வீட்டிலை தேத்தண்ணி கோப்பி ஊத்துறேல்லை, பொழுதுபட்டாப் பிறகு சாப்பிடுறேல்லை எண்டு பிள்ளை நேர்ந்திருக்கிறாள்.”

மச்சாள் கண்ணைத் துடைத்தாள். ஒருத்தருக்கும் சொல்லாதே என்று சொன்னதால் அன்று பின்னேரமே கதை ஒழுங்கை முழுக்கப் போய்விட்டது. அடுத்த நாள் அவளுடைய பாத்திரம் வெளிச்சம் இருக்கும்போதே வந்தது. இடியப்பமும் சொதியும். பொரியல் இல்லை.

உடனே ஒன்றும் நடக்கவில்லை. முதலில் மகளுக்குத் தலையிடிதான் வந்தது. குடித்துப் பழகியதை விட்டால் அப்படி வருமாம். சாப்பாடு மேலே ஏறுவது நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கண் மூடியது. ஒருநாள் கோயில் மணி அடித்த பிறகும் எழும்பவில்லை. நான் போய் மூக்கடியில் கை வைத்துப் பார்த்தேன். அந்த வீட்டில் சத்தமில்லாமல் படுத்திருப்பவரை நான் நம்புவதில்லை. மூச்சு வந்தது. சூடாக.

எழும்பி நேரே குசினிக்குப் போனாள். காலைத் தேத்தண்ணி அவளுக்குத் தடையில்லை. கேத்திலை வைத்தாள், தட்டிலிருந்து கோப்பையை எடுத்தாள். ஒன்றை வைத்தாள், அவருடைய பெரிய கோப்பையையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். சீனியும் போட்டாள். பிறகு கரண்டியோடு அப்படியே நின்றாள்.

நித்திரை இல்லாத நாளெல்லாம் அவள் அவரை ஒரு நிமிசமும் மறந்ததில்லை. இப்போது மறந்து நித்திரை கொள்கிறாள், விடிந்தால் அவர் இல்லையென்று திரும்பவும் தெரிந்துகொள்கிறாள். நான் அந்தக் கோப்பையை எடுத்து எனக்கு ஊற்றச் சொன்னேன். “உங்களுக்குச் சீனி கூடாதெல்லோ” என்றாள். “இண்டைக்குக் கூடும்” என்றேன்.

அடுத்த மாதம் கடைக்காரி அவளைத் திரும்ப எடுத்தாள். முதலில் பள்ளிக்கூடச் சட்டைகள்தான் வெட்டக் கொடுத்தாளாம். கோடு போட்டுத்தான் வெட்டினாளாம்.

“பிள்ளை இப்ப நித்திரை கொள்ளுறாளோ?” என்று அயலட்டை கேட்டது. மச்சாள்தான் முன்னுக்கு நின்றாள்.

“ஓம், நல்லாக் கொள்ளுறாள்” என்று சொன்னேன். “ஆனா நேத்தி முடியேல்லை, பின்னேரத்திலை வராதேங்கோ. துக்கம் விசாரிக்கிறதெண்டால் காலமை வாங்கோ, அவள் எழும்புற நேரத்துக்கு. தேத்தண்ணி இருக்கு. இப்பவும் ஒரு கோப்பை கூடுதலாத்தான் ஊத்துறவள்.”