அட்டையில் குறைந்த ஐந்து வயது

கிள்ளான் பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில், வயதைக் கணக்கிட்டு எல்லாரையும் ஒப்பிட்டுத் தரும் கோப்பைதான் செபாஸ்டியனின் ஆசை. அறுபது வயதில் நாற்பத்து நான்கு நிமிடத்தில் ஓடி முடித்திருந்தார். அட்டவணைப்படி அறுபதுக்கு 0.83ஆல் பெருக்கினால் முப்பத்தாறரை. இருபத்தைந்து வயது லெஸ்லி ஓடிய முப்பத்தெட்டு நிமிடம் அப்படியே நிற்கும். அந்த வயதுக்குச் சலுகை இல்லை.

“ஐசி அடையாள அட்டையில அம்பத்தஞ்சுதானே அங்கிள் இருக்கு? அதுக்கு 0.87. முப்பத்தெட்டேகால் வருது லா,” என்றாள், போட்டி மேசையில் கணக்குப் போட்ட கோமதி.

“நான் ரயில்வே வேலைக்குச் சேர வயசு தாண்டிடக் கூடாதுன்னு எங்கப்பா குறைச்சுப் பதிஞ்சதும்மா. நெசமா அறுபது.”

“அட்டைய வச்சுத்தான் அங்கிள் கணக்கு.”

கோப்பை லெஸ்லிக்குப் போனது. “அஞ்சு வயசு இளமை! சந்தோஷப்படுங்க அங்கிள்,” என்று சிரித்தான்.

செபாஸ்டியன் வலித்த முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, செத்துப்போன அப்பாவை மனத்துக்குள் திட்டினார்.